ஆகஸ்டில் நின்றுபோன வலி

எங்கள் தெருவில் வளர்ந்த பெண் அவள். வயது 26. தஞ்சாவூரில் நர்சிங் முடித்துவிட்டு, 2023 கடைசியில் இங்கிலாந்துக்குப் போனாள். கிழக்குக் கரைப் பக்கம் நார்ஃபோக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளர் வேலை. நான் இருபது வருடமாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். என்னை அவள் டாக்டர் என்று கூப்பிட்டதே கிடையாது, அக்காதான். அவளுடைய கீழ்த்தாடையில் வலப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று 2025 மே மாதம் கூச ஆரம்பித்து, அக்டோபரில் அவளை ஆஸ்பத்திரிப் படுக்கையில் கொண்டுபோய்க் கிடத்தியது. டிசம்பரில் ஊருக்கு வந்தபோது போன் செய்திகள், கடை ரசீதுகள், ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாவற்றையும் என் மேசையில் பரப்பி, இருவரும் தேதி தேதியாக அடுக்கினோம். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

மருத்துவப் புத்தகங்களில் இது சாதாரண நிகழ்வு. ஆனால் அந்த ஆறு மாதத்தில் எந்த இடத்தில் எந்தக் கணக்கு தப்பியது என்று பார்த்தால், வெளிநாட்டில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள் என்று தெரிகிறது.

மே: ஒரு மடக்கு குளிர்ந்த தண்ணீர்

முதல் அறிகுறி மே இரண்டாம் வாரம். ஃப்ரிட்ஜில் இருந்த தண்ணீரைக் குடித்தபோது வலப்பக்கம் சுரீர் என்றது. இரண்டு மூன்று நொடியில் போய்விட்டது. அதற்கு முன்பே சில மாதங்களாக, சாப்பிட்டதும் அந்த இடத்தில் கீரை நாரும் கோழி நாரும் மாட்டிக்கொள்வது வழக்கமாகியிருந்தது. பல் குச்சி வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி முன்னால் நின்று போன் வெளிச்சத்தில் பார்த்தால் பல் வெள்ளையாக, முழுசாக இருந்தது.

இந்த இடத்தில் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். சொத்தை என்றால் பல்லின் மேலே கறுப்பாக ஒரு குழி இருக்கும் என்று நினைக்கிறோம். இரண்டு கடைவாய்ப் பற்கள் ஒட்டி உரசும் இடுக்கில் தொடங்கும் சொத்தை அப்படித் தெரியாது. எனாமலில் சின்ன ஓட்டை போட்டு, உள்ளே மென்மையான டென்டின் அடுக்குக்குப் போனதும் அகலமாகப் பரவும். மேல் ஓடு இடிந்து விழும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. பற்களைக் கடித்தபடி பக்கவாட்டில் எடுக்கும் சின்ன எக்ஸ்ரேயில்தான் அது நிழலாகத் தெரியும். வெளியிலிருந்து கிடைக்கும் முக்கியமான துப்பு, தினமும் ஒரே இடத்தில் உணவு மாட்டுவது.

குளிர்ச்சி பட்டு, எடுத்தவுடன் இரண்டு நொடியில் மறையும் கூச்சம் என்றால், பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் கூழ் எரிச்சலடைந்திருக்கிறதே தவிர இன்னும் உயிரோடு, மீளக்கூடிய நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது எக்ஸ்ரே எடுத்திருந்தால் அநேகமாகச் சொத்தையைச் சுரண்டி அடைத்திருப்பார்கள். வேலை அதோடு முடிந்திருக்கும். படம் இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவள் சொன்ன அந்த இரண்டு நொடியை வைத்து, அதுதான் நடந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அவள் சும்மாவும் இருக்கவில்லை. பக்கத்து ஊரில் ஒரு தனியார் பல் மருத்துவமனைக்குப் போன் செய்தாள். "கடைவாய்ப் பல் வலிக்கிறது, எவ்வளவு ஆகும்" என்று கேட்டாள். வரவேற்பில் இருந்தவர் விலைப்பட்டியலைப் படித்தார். முதல் பரிசோதனைக்கு 70 பவுண்டு, கடைவாய்ப் பல் ரூட் கெனால் 720, மேலே போடும் கேப் 690. மொத்தம் 1,480 பவுண்டு. அன்றைய மதிப்பில் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய்.

அவளுக்குச் சம்பளம் மணிக்கு 12.82 பவுண்டு, வாரம் 39 மணி நேரம். வரியும் வாடகையும் போக, மாதம் 450 பவுண்டு ஊருக்கு அனுப்புவாள். வேலைக்கு அனுப்பிய ஏஜென்டுக்குக் கொடுப்பதற்காக அவள் அப்பா 8 லட்சம் கடன் வாங்கியிருந்தார், நூற்றுக்கு இரண்டு வட்டி. வட்டி மட்டுமே மாதம் 16,000. "அக்கா, 1 லட்சத்து 70 ஆயிரம்னா பத்து மாச வட்டி. வாயில போய் வைக்க முடியுமா?" என்று டிசம்பரில் என்னிடம் கேட்டாள். அதே ரூட் கெனாலும் கேப்பும் நம் ஊரில் பத்துப் பன்னிரண்டாயிரத்தில் முடியும் என்று அவளுக்குத் தெரியும். டிசம்பரில் லீவு. ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

கூட்டல் கழித்தலில் தப்பே இல்லை. எந்தத் தொகையை வைத்துக் கணக்குப் போட்டாள் என்பதில்தான் தப்பு. அந்தப் பல்லை யாருமே பார்க்கவில்லை. தேவைப்பட்டது அநேகமாக ஒரு சொத்தை அடைப்பு. அவள் பயந்ததோ ரூட் கெனாலுக்கும் கேப்புக்கும் சேர்த்துச் சொன்ன விலைக்கு. அதுவும் தனியார் விலை.

அவளுக்குத் தெரியாமல் போன இன்னொரு விலை

இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். மூலம் பல் சிகிச்சை பெற்றால், பெரியவர்கள் கட்டணம் கட்ட வேண்டும். ஆனால் அது பல் வாரியாக வருவதில்லை, மூன்று படிகளாக வருகிறது. 2025 ஏப்ரல் முதல் இருந்த கட்டணப்படி, முதல் படி 27.40 பவுண்டு: பரிசோதனை, எக்ஸ்ரே, ஆலோசனை. இரண்டாம் படி 75.30: அதில் பரிசோதனையோடு சொத்தை அடைப்பது, ரூட் கெனால், பல் எடுப்பது எல்லாம் சேர்த்தி. மூன்றாம் படி 326.70: கேப், பிரிட்ஜ், பல்செட் வரை. ஒரே சிகிச்சைச் சுற்றில் இரண்டு பல் அடைத்து ஒரு பல்லுக்கு ரூட் கெனால் செய்தாலும் 75.30தான். அவசரத்துக்குப் போய் வலிக்கு முதல் கட்ட வைத்தியம் பார்ப்பதற்கு 27.40.

அதாவது 1,480 என்று அவள் பயந்த அதே வேலைக்கு, கேப்பும் சேர்த்து, அதிகபட்சம் 326.70. மே மாதம் அடைப்போடு முடிந்திருந்தால் 75.30. நம் கணக்கில் எட்டாயிரத்துச் சொச்சம்.

அப்புறம் ஏன் போகவில்லை? மூன்று காரணம் சொன்னாள். மூன்றையும் நான் மதிக்கிறேன்.

முதல் காரணம், இடமே கிடைக்கவில்லை. என்.எச்.எஸ். பல் மருத்துவர்கள் இல்லாமல் திண்டாடும் பகுதி என்று நார்ஃபோக் அந்த நாட்டிலேயே பேர்போனது. அவள் இரண்டு இடங்களுக்குப் போன் செய்தாள். இரண்டு இடத்திலும் "என்.எச்.எஸ்.ஸில் புதிய ஆட்களை இப்போது எடுப்பதில்லை" என்ற பதில். அதோடு விட்டுவிட்டாள். வழக்கமான பரிசோதனைக்குப் புதிதாகச் சேர்வது ஒரு வழி, வலியோடு இருப்பவருக்கு அவசர இடம் கேட்பது வேறு வழி. இரண்டாவதற்கு எந்த மருத்துவமனையிலும் முன்பே சேர்ந்திருக்க வேண்டியதில்லை. 111 என்ற எண்ணைக் கூப்பிட்டுச் சொன்னால், அவர்கள் கேள்விகள் கேட்டு, அவசரப் பல் மருத்துவர் இருக்கும் இடத்துக்கு வழிகாட்டுவார்கள். 2025 ஏப்ரல் முதல் கூடுதலாக 7 லட்சம் அவசரப் பல் சிகிச்சைச் சந்திப்புகள் தருவதாக அரசும் அறிவித்திருந்தது. போன் செய்த அன்றே இடம் கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். தூரம் போக வேண்டியிருக்கலாம், இரண்டு மூன்று முறை கூப்பிட வேண்டியிருக்கலாம். ஆனால் அந்தக் கதவு ஒன்று இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

இரண்டாவது காரணம் என்னை ரொம்பவும் உறுத்தியது. அவளுடைய விசாவில் 'நோ பப்ளிக் ஃபண்ட்ஸ்' என்று ஒரு நிபந்தனை உண்டு. அரசுப் பணத்தில் உதவி பெறக் கூடாது என்று அர்த்தம். அரசு பல் மருத்துவமனைக்குப் போனால் அதுவும் அதில் சேர்ந்துவிடுமோ, விசா நீட்டிப்பில் சிக்கல் வருமோ என்று கூட வேலை செய்யும் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அது தவறு. அந்த நிபந்தனை வீட்டு உதவி, வருமான உதவி போன்ற தொகைகளைப் பற்றியது. என்.எச்.எஸ். சிகிச்சை அதில் சேராது. இந்த ஒரு வரியை விமானம் ஏறும் முன்னால் யாராவது அவளிடம் சொல்லியிருக்கலாம். 8 லட்சம் வாங்கிய ஏஜென்ட் சொல்லவில்லை.

மூன்றாவது, நேரம். பல் மருத்துவரிடம் போகும் நாள் வேலை நாளாக இருந்தால், அன்றைய சம்பளம் போச்சு. அதற்கு மேல் பஸ் செலவு.

ஜூன், ஜூலை: இரவு ஷிப்ட்

ஜூன் நடுவில் கூச்சத்தின் தன்மை மாறியது. குளிர்ச்சி பட்டால் வலி இரண்டு நொடியில் போகாமல், நிமிடக் கணக்கில் நின்றது. சூடான டீயும் வலித்தது. இடப்பக்கமே மென்று சாப்பிடப் பழகிக்கொண்டாள். இந்த மாற்றம்தான் முக்கியமான எல்லைக்கோடு. தூண்டுதல் போன பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் வலி தங்கினால், கூழ் மீளும் கட்டத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. இதன் பிறகு வெறும் அடைப்பு பெரும்பாலும் போதாது.

ஜூலையில் தானாகவே வலி வர ஆரம்பித்தது. படுத்தால் அதிகம். காரணம் எளிமையானது. உடம்பில் வேறெங்கும் வீக்கம் வந்தால் சதை விரிந்து கொடுக்கும். பல்லுக்குள் இருக்கும் கூழைச் சுற்றி நாலு பக்கமும் கெட்டிச் சுவர், விரிய இடமில்லை. அழுத்தம் முழுக்க நரம்பின் மேல்தான் விழும். படுக்கும்போது தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடுவதால் அந்த அழுத்தம் இன்னும் ஏறும்.

அந்த மாதம் அவளுக்கு இரவு ஷிப்ட். விடியற்காலை மூன்று மணிக்கு, முதியவர்களைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு, பணியாளர் அறைக் குழாயடியில் வந்து நிற்பாள். ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் குளிர்ந்த தண்ணீர். ஒரு வாய் எடுத்து வலப்பக்கக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாள். வலி அப்படியே அடங்கும். வாயில் தண்ணீர் வெதுவெதுப்பாக மாறும்போது வலி திரும்ப ஏறும். துப்பிவிட்டு அடுத்த வாய். ஒரு இரவில் எட்டு டம்ளர் ஆனதாம். மேஜைமேல் அழைப்பு மணி விளக்கு எரிந்தால், தண்ணீரைத் துப்பிவிட்டு ஓடுவாள்.

மே மாதம் எந்தக் குளிர்ச்சி வலியைத் தந்ததோ, ஜூலையில் அதே குளிர்ச்சிதான் வலியை அடக்கியது. யாராவது பல் மருத்துவரிடம் "ஐஸ் தண்ணீர் வைத்தால்தான் நிம்மதியாக இருக்கிறது" என்று சொன்னால், அவர் அந்தக் கூழ் சாகும் தறுவாயில் இருக்கிறது என்று படம் எடுக்கும் முன்பே ஊகித்துவிடுவார்.

இன்னொன்றும் சொன்னாள். எந்தப் பல் என்று அவளால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. மேலா கீழா என்றே குழப்பம், காது வேறு வலித்தது. காதில்தான் பிரச்சினையோ என்று சொட்டு மருந்து வாங்கி ஊற்றியிருக்கிறாள். கூழின் நரம்புகளுக்கு வலி தெரியும், இடம் தெரியாது. கீழ்க் கடைவாய்ப் பல்லின் வலி காதில் தெரிவது அடிக்கடி பார்ப்பது.

இனி மாத்திரைகள். அவள் வைத்திருந்த சூப்பர் மார்க்கெட் ரசீதுகளை எண்ணியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. பாராசிட்டமால் 500 மில்லிகிராம், 16 மாத்திரை கொண்ட பெட்டி. அங்கே கடைகளில் ஒரு தடவைக்கு இரண்டு பெட்டிக்கு மேல் தர மாட்டார்கள். யாரும் அளவு மீறிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கட்டுப்பாடு. அவள் வேறு வேறு கடைகளில் வாங்கினாள். நாளைக்கு எட்டு மாத்திரை, அதாவது 4 கிராம். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் அதுதான் உச்சம். அவளோ 47 கிலோ. 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். அதற்கு மேல் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் கொடுத்த சளி மாத்திரையும் மூன்று நாள் போட்டிருக்கிறாள். அதற்குள்ளும் பாராசிட்டமால் உண்டு. பல்வலிக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக அளவு மீறி, கல்லீரல் கெட்டு வருபவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். முதல் நாளில் பெரிதாக அறிகுறி எதுவும் தெரியாது என்பதுதான் அதில் பயங்கரம். இவள் தப்பித்தாள், அவ்வளவுதான்.

பல்வலிக்குப் பாராசிட்டமாலோடு ஐபுபுரோஃபென் சேர்த்தால் நன்றாகக் கேட்கும். ஆனால் வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. இவள் வெறும் வயிற்றில் போட்டு நெஞ்செரிச்சல் வாங்கிக்கொண்டு நிறுத்திவிட்டாள்.

ஆகஸ்ட்: "சரியாயிடுச்சு அக்கா"

ஆகஸ்ட் 9ஆம் தேதி எனக்கு வாட்ஸப்பில் செய்தி வந்தது. இந்த விஷயத்தில் அவள் எனக்கு அனுப்பிய முதல் செய்தி அது. "அக்கா ரெண்டு மாசமா பல்லு வலி உயிர் போச்சு. நேத்துலேருந்து சுத்தமா நின்னுடுச்சு. சரியாயிடுச்சு அக்கா. டிசம்பர்ல வரும்போது பாக்கறீங்களா?"

நான் அனுப்பிய பதிலும் என் போனில் இருக்கிறது. "நல்லது ம்மா. வலி நின்னாலும் அங்கேயே ஒரு தடவை காட்டிடு." அன்றைக்கு க்ளினிக்கில் கூட்டம். அடுத்த செய்தி போடவில்லை, கூப்பிடவும் இல்லை. இரண்டு மாதம் வலித்த பல் ஒரே இரவில் அமைதியானால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை அவளுக்குப் புரியும்படி ஐந்து நிமிடம் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. இந்த நிகழ்வில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

வலி நின்றதற்குக் காரணம் கூழ் செத்துப்போனது. வலியைச் சொல்லும் நரம்பே இல்லை, பிறகு எங்கே வலிக்கும்? கிருமிகள் அப்படியே இருக்கின்றன. செத்த கூழ் அவற்றுக்குத் தீனி. அங்கே ரத்த ஓட்டம் இல்லாததால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி உள்ளே போக முடியாது. கிருமிகள் வேர் நுனியில் இருக்கும் ஊசி முனைத் துளை வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்குகின்றன. இது வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், சத்தமில்லாமல் நடக்கும்.

ஆகஸ்டில்கூடப் பல்லைக் காப்பாற்றியிருக்கலாம். செத்த கூழை எடுத்து, வேர்க் கால்வாயைச் சுத்தம் செய்து அடைப்பதுதானே ரூட் கெனால். 75.30 பவுண்டுப் படியில் அடங்கும் வேலை. ஆனால் வலி இல்லாதவள் எதற்காக ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போவாள்?

செப்டம்பர்: நீண்டுவிட்ட பல்

செப்டம்பர் மூன்றாம் வாரம் புது மாதிரி வலி. "அந்தப் பல்லு மட்டும் நீளமாயிட்ட மாதிரி இருந்துச்சு. வாயை மூடினா அதுதான் முதல்ல முட்டும்" என்றாள். இப்போது எந்தப் பல் என்று விரல் வைத்துச் சொல்ல முடிந்தது. கடைசியிலிருந்து எண்ணினால், ஞானப்பல்லுக்கு முந்தியது. வேரைச் சுற்றியிருக்கும் தசைநாருக்கு அழுத்தமும் இடமும் துல்லியமாகத் தெரியும். நோய் பல்லை விட்டு வெளியே வந்துவிட்டது என்பதற்கு அந்தத் துல்லியமே அடையாளம். வேர் நுனியில் சேரும் சீழ் பல்லை ஒரு முடி அளவு மேலே தூக்குவதால் நீண்ட மாதிரி இருக்கிறது. கரண்டிக் காம்பால் லேசாகத் தட்டினால் உயிர் போகும்.

ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா கட்டிக்கொடுத்த மருந்துப் பையில் அமாக்சிசிலின் ஒரு அட்டை இருந்தது. மூன்று நாள் போட்டாள். தாடையில் இருந்த லேசான வீக்கம் வற்றியது. நிறுத்திவிட்டாள். மாத்திரை ரத்தத்தின் வழியாகத்தான் போகும். செத்த பல்லுக்குள் ரத்தமே போகாது. வெளியே பரவிய கிருமிகளைக் கொஞ்சம் அடக்கும், உள்ளே இருக்கும் மூலத்தைத் தொடாது. பல்லைத் திறந்து சுத்தம் செய்வதோ எடுப்பதோ நடக்காமல் வெறும் ஆன்டிபயாடிக் போட்டால், நோய் அடுத்த தடவை வருவதற்கு நாள் குறித்துக் கொடுத்த மாதிரிதான்.

அக்டோபர்: ஒன்றரை விரல்

அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. காலையில் எழும்போது வலப்பக்கத் தாடைக்குக் கீழே எலுமிச்சை அளவு கெட்டியான வீக்கம். மாலைக்குள் தாடை எலும்பின் விளிம்பே கைக்குத் தட்டுப்படவில்லை. காய்ச்சல். எச்சில் விழுங்கினால் தொண்டையில் வலி. வாய் ஒன்றரை விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. சாதாரணமாகத் தன் மூன்று விரலை நெட்டாக அடுக்கி வாய்க்குள் வைக்க முடிய வேண்டும்.

வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கியதற்குக் காரணம் உண்டு. கீழ்த்தாடையின் உட்பக்கம், வாயின் தரையைத் தாங்கும் ஒரு தசை ஒட்டியிருக்கிறது. இரண்டாம் கடைவாய்ப் பல்லின் வேர் நுனிகள் பெரும்பாலும் அந்தத் தசை ஒட்டும் கோட்டுக்குக் கீழே இருக்கும். அங்கிருந்து உட்பக்கமாக உடைத்துக்கொண்டு வரும் சீழ் வாய்க்குள் வராது, கழுத்தை நோக்கிப் போகும். இன்னும் முன்னால் இருக்கும் பல் என்றால், அநேகமாக ஈறில் ஒரு கொப்புளம் வந்து உடைந்து வடிந்திருக்கும். அவளுக்கு அந்த வடிகால் அமையவில்லை.

அன்று கூட வேலை செய்யும் கேரளத்துச் சேச்சி ஒருவர்தான் அவளைப் பார்த்ததும் 111ஐக் கூப்பிட்டார். மூச்சு எப்படி இருக்கிறது, எச்சில் விழுங்க முடிகிறதா, வாய் எவ்வளவு திறக்கிறது, நாக்குக்கு அடியில் வீங்கியிருக்கிறதா, குரல் மாறியிருக்கிறதா என்று கேட்டார்கள். பதிலைக் கேட்டதும், பல் மருத்துவரிடம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். சரியான முடிவு. இந்த அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும், வீக்கம் கண்ணை நோக்கி ஏறினாலும், அது காத்திருக்கும் விஷயமில்லை. இரு பக்கமும் பரவி நாக்கை மேலே தள்ளினால் மூச்சுக்குழாயே அடைபடும்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன், நரம்பு வழியாக ஆன்டிபயாடிக், அன்றிரவே அறுவை. வாய் திறக்காததால் சாதாரண முறையில் மயக்கம் கொடுத்துக் குழாய் போட முடியாது. விழித்திருக்கும்போதே, மரத்துப்போக மருந்து அடித்து, மூக்கு வழியாகக் கேமராக் குழாயை விட்டு மூச்சுக்குழாய்க்குப் பாதை பிடித்த பிறகுதான் மயக்கம் கொடுத்தார்கள். அந்த நிமிடங்களைப் பற்றிப் பேசும்போது அவள் கை தானாகவே தொண்டைக்குப் போனது. தாடைக்குக் கீழே வெட்டிச் சீழை வடித்து, குழாய் வைத்து, பல்லை எடுத்தார்கள். மூன்று இரவு ஆஸ்பத்திரி. தாடையின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் தழும்பு. அவள் பயந்த மாதிரி பில் எதுவும் வரவில்லை, அது என்.எச்.எஸ். ஆஸ்பத்திரிச் சிகிச்சை.

பணம் வேறு வழியில் போனது. இரண்டு வாரம், பத்து வேலை நாள், வேலைக்குப் போக முடியவில்லை. அவளுடைய ஒப்பந்தப்படி நோய் விடுப்புக்குச் சட்டப்படியான தொகை மட்டும்தான். அப்போதைய விதிப்படி அது வாரம் 118.75 பவுண்டு, அதிலும் முதல் மூன்று வேலை நாளுக்குக் கிடையாது. மீதி ஏழு நாளுக்கு 166.25 வந்தது. வேலை செய்திருந்தால் பிடித்தம் போவதற்கு முன் சுமார் 1,000 பவுண்டு. நஷ்டம் ஏறத்தாழ 834. மே மாதம் கட்டியிருக்கக்கூடிய 75.30ஐப் போலப் பதினோரு மடங்கு. அந்த மாதம் ஊருக்குப் பணம் வரவில்லை. அவள் அப்பா வட்டி கட்டுவதற்கு இன்னொருவரிடம் கைமாற்று வாங்கினார்.

டிசம்பர்

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். பல் எடுத்த இடம் நன்றாக ஆறியிருந்தது. வாய் மூன்று விரல் திறந்தது. இரண்டு பக்கமும் கடித்தபடி எக்ஸ்ரே எடுத்தேன். இடப்பக்கம், அதே மாதிரி இடுக்கில், டென்டினைத் தொட்ட ஒரு சின்ன நிழல். அவளுக்கு அங்கே கூச்சமோ வலியோ எதுவும் இல்லை. படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "மே மாசம் அந்தப் பல்லும் இப்படித்தான் இருந்திருக்குமா அக்கா?" என்றாள். இதைவிடக் கொஞ்சம் ஆழமாக இருந்திருக்கும் என்றேன். மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணி நேரத்தில் அடைத்து முடித்தேன்.

பல் போன இடத்தை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. இம்பிளான்ட் வைக்கலாம், நம் ஊரிலும் அது பல ஆயிரங்கள். எலும்போடு ஒட்ட மாதங்கள் ஆகும், இரண்டு மூன்று முறை வர வேண்டும். அவளுக்கு லீவோ மூன்று வாரம். பிரிட்ஜ் என்றால் பக்கத்தில் இருக்கும் நல்ல பல்லைச் சீவ வேண்டும், பின்னால் பிடித்துக்கொள்ள உறுதியான பல்லும் இல்லை.

"கடன் முடியட்டும் அக்கா, அப்புறம் பார்த்துக்கலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். சரி என்று நானே சொன்னேன். இரண்டாம் கடைவாய்ப் பல் ஒன்று இல்லாமலே நன்றாக மென்று சாப்பிடலாம், நிறையப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். மேலே எதிர்ப்பக்கம் இருக்கும் பல் மெல்ல இறங்குகிறதா என்று மட்டும் வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். அதற்கு அளவெடுத்து, மேல்வரிசைக்கு ஒரு மாவு அச்சு எடுத்து, தேதி போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த டிசம்பரில் அவள் வரும்போது எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.